“உன்னைப் பற்றிச் சொல்” – இரண்டு நிமிடத்தில் என்ன சொல்வது?



நம் சங்கக் குடும்பங்களில் இந்த ஆண்டு பட்டம் முடித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தவர்களிடம் “என்னப்பா கேட்டார்கள்?” என்று விசாரித்தால், எல்லோரும் சொல்லும் முதல் கேள்வி ஒன்றுதான்: “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” கேட்கச் சுலபமான கேள்வி. ஆனால் நான் மும்பைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து 28 ஆண்டுகள் கேட்ட கேள்விகளில், பிள்ளைகள் அதிகம் தடுமாறியது இதில்தான். இந்த விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நேர்ந்தது. அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

என் ஊர் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடி. கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போனால் தமிழும் மலையாளமும் கலந்துதான் காதில் விழும். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகளைத் தாண்டினால் தமிழ்நாடு. என் மனைவியின் அண்ணன் குடும்பம் இருப்பது இடுக்கி மாவட்டத்தில், மூணாறு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு ஊர்களும் கேரளத்தில் இருந்தாலும், அவர்கள் எங்கள் வீட்டுக்கு வர மறையூர் வழியாகத் தமிழ்நாட்டில் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி சுற்றி மறுபடியும் கேரளத்துக்குள் நுழைவார்கள். எல்லையில் வாழ்கிறவர்களின் பயணம் அப்படி. பிள்ளைகளின் படிப்பும் அப்படித்தான். பத்தாவது வரை தமிழ் வழி, கல்லூரியில் மலையாளம் பேசும் தோழர்கள், வேலைக்கான பேட்டி ஆங்கிலத்தில்.

முதலில் என் சொந்தத் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். 1986-இல் பட்டம் வாங்கிய கையோடு கோவையில் ஒரு மில்லில் எழுத்தர் வேலைக்குப் போனேன். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அப்பா பெயர், ஊர், தாலுக்கா, பள்ளிக்கூடம், மதிப்பெண் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எல்லாமே அவர் கையிலிருந்த விண்ணப்பத்தில் இருந்தவை. அவர் அதைப் புரட்டிவிட்டு, “கேரளாக்காரராச்சே, தமிழ் எழுத வருமா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிந்த கதை, பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்த எங்கள் சித்தூர் கேரளத்தோடு போன கதை, தேவிகுளமும் பீர்மேடும் அந்தப்புறமே நின்றுவிட்ட கதை என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி தம்பி, போய் வாருங்கள்” என்றார். அவர் கேட்டது எழுத வருமா என்பதுதான். “பத்தாவது வரை தமிழ் வழியில்தான் படித்தேன் ஐயா, ஒரு கடிதம் எழுதிக் காட்டட்டுமா?” என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். மேசைக்கு அந்தப்புறம் போன பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

அங்கே போன பிறகு விளங்கிய இன்னொன்றும் உண்டு. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்பவர் உங்கள் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கவில்லை. ஒரே நாளில் இருபது பேரைப் பார்க்கிறார். உங்கள் விண்ணப்பத்தை அப்போதுதான் கையில் எடுத்திருப்பார். அடுத்து எதைக் கேட்கலாம் என்று ஒரு பிடி தேடுகிறார். நீங்கள் சொல்வதில் எது அவருக்குப் பிடிபடுகிறதோ அதிலிருந்துதான் அடுத்த கேள்வி வரும். ஆகவே அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் கேள்வித்தாளை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். நீங்கள் சொல்லப் போவதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார் என்று எழுதுங்கள். பதில் இருந்தால் அந்த வரி நிற்கட்டும். இல்லையென்றால் அடித்துவிடுங்கள். கேள்வியே எழவில்லை என்றாலும் அடித்துவிடலாம்.

என் பக்கத்து வீட்டுப் பையன் இயந்திரவியலில் டிப்ளமோ முடித்தவன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். “எங்கே, சொல்லு பார்க்கலாம்” என்றேன். விறைப்பாக நின்றுகொண்டு “மைசெல்ஃப்…” என்று பெயரை ஆரம்பித்தான். அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, ஒரு தங்கை, பொழுதுபோக்கு கிரிக்கெட், பாட்டுக் கேட்பது, தலைமைப் பண்பு உண்டு, கடின உழைப்பாளி, “தட்ஸ் ஆல் சார்.” என் கடிகாரத்தில் 40 விநாடிதான் ஆகியிருந்தது.

தாளை எடுத்துச் சோதனையை ஆரம்பித்தோம். அம்மாவும் தங்கையும் எந்தக் கேள்வியையும் எழுப்பவில்லை. ‘தலைமைப் பண்பு’ என்ற வரிக்குப் பக்கத்தில், “எங்கே காட்டினாய்?” என்று எழுதினேன். விழித்தான். ‘கடின உழைப்பாளி’க்கும் அதே கதிதான். பிறகு நான் கேட்டேன்: “ஏன் கண்ணு, உங்க தோட்டத்துக் கிணத்து மோட்டாரு போன வருசம் ஓடாமக் கெடந்துச்சே, யாரு சரி பண்ணுனது?”

“நாந்தான் மாமா. பேரிங் போயிருச்சு. கழட்டி மாத்துனேன். அதையெல்லாம் போயி பேட்டியில சொல்லுவாங்களா?”

அதைத்தான் சொல்ல வேண்டும். மோட்டாரில் என்ன சத்தம் வந்தது, பேரிங்தான் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடித்தான், முதல் தடவை மாட்டியபோது எங்கே தவறு செய்தான், எத்தனை மணி நேரம் ஆனது என்று அவனால் அரை மணி நேரம் பேச முடியும். இயந்திரம் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் தங்கள் கையால் செய்ததைச் சொல்லத் தயங்கி, புத்தகத்தில் பார்த்த பெரிய சொற்களைச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு அந்தச் சொற்கள் இருபது பேரிடமும் கேட்டுச் சலித்தவை.

இனி இரண்டாவது பிள்ளையின் கதைக்கு வருகிறேன். மனைவியின் அண்ணன் குடியிருக்கும் லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண். பி.காம். முடித்தவள். கோவையில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் பிரிவில் பயிற்சிப் பணிக்கு அழைப்பு வந்திருந்தது. போகிற வழியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். அவளும் என்னை மாமா என்றே கூப்பிட்டாள்.

அவள் எழுதி வைத்திருந்த தாளில் ஒரு வரி: “என் பெற்றோர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார்கள்.” அதற்குப் பக்கத்தில் நான், “எந்த நிறுவனம், என்ன பதவி?” என்று எழுதினேன். அவள் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “அம்மா கொழுந்து கிள்ளுறாங்க மாமா. அப்பா மருந்தடிக்கிற வேலை. அதச் சொன்னா எப்படிப் பார்ப்பாங்களோன்னு…” என்றாள்.

நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தத் தயக்கம் இருந்திருக்கிறது! நான் அவளிடம் சொன்னது இதுதான்: “பெற்றோர் வேலையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாதும்மா. வேலைக்கு வரப் போவது நீ. ஆனால் சொல்லாமல் விடுவது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. மாற்றிச் சொன்னால் பேட்டி முடியும்வரை அந்த வரிக்குக் காவல் காத்துக்கொண்டே இருப்பாய். மற்ற கேள்வியில் மனம் நிற்காது.” அந்த வரியை அடித்தோம்.

பிறகு, “நீயாகச் செய்த வேலை ஏதாவது உண்டா?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல மாமா” என்றாள். என் மைத்துனர் சிரித்துவிட்டார். “என்ன ஒண்ணும் இல்ல? லயத்துல ரிட்டையர் ஆகுற எல்லாருக்கும் பி.எஃப். பேப்பர் எழுதிக் குடுக்குறது யாரு?”

தோட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்தால்தான் வேறு இடத்தில் ஒரு கூரைக்கு வழி. அந்த விண்ணப்பம் திரும்பி வந்தால் ஒரு குடும்பமே நடுவில் நிற்கும். திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். தமிழ்ப் பெயரை ஒருவர் மலையாளத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஆதாரில் ஓர் எழுத்துக் கூட்டல், வங்கிப் புத்தகத்தில் வேறொன்று, வைப்பு நிதிக் கணக்கில் இன்னொன்று. இனிஷியல் ஒன்றில் பெயருக்கு முன்னால், மற்றொன்றில் பின்னால். வித்தியாசம் இருந்தால், தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திடும் ‘ஜாயின்ட் டிக்ளரேஷன்’ கொடுத்துக் கணக்கில் முதலில் திருத்த வேண்டும். பணம் கேட்கும் விண்ணப்பம் அதன் பிறகுதான்.

இவ்வளவும் அவள் வாயிலிருந்து வந்தது. சம்பளப் பட்டியல் பிரிவு வேலைக்குப் போகிறவள், அந்தப் பிரிவின் அன்றாட வேலையையே இரண்டு ஆண்டுகளாகச் செய்துவிட்டு “ஒண்ணும் இல்ல” என்கிறாள்!

அடுத்து நேரத்தைப் பங்கிட்டோம். நீ யார், என்ன படித்தாய் என்பதற்கு 20 விநாடி. மொழிக்கு 15 விநாடி. செய்த ஒரு வேலைக்கு முழுதாக ஒரு நிமிடம். இந்தப் பதவி ஏன் வேண்டும், எது இன்னும் தெரியாது என்பதற்கு 25 விநாடி. நிதானமான ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 சொற்கள் போகும். இரண்டு நிமிடத்துக்கு 240 ஆகிறது. மூச்சுவிடவும், பெயரைச் சொன்னபின் சற்று நிறுத்தவும் இடம் விட்டு 200 சொற்களில் முடிக்கச் சொன்னேன்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லைப் பிள்ளைகளை அது விடாது. கொச்சிக்குப் போனால் மலையாளம் வருமா என்ற சந்தேகம், கோவைக்குப் போனால் தமிழ் எழுத வருமா என்ற சந்தேகம். அவர்கள் கேட்கும்முன் நாமே ஒரு வரியில் சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகமே தகுதியாக மாறும். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமே தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கென்று எழுத்தர் பணிக்குத் தனி அறிவிப்பு வெளியிட்டதுண்டு. இரண்டு மொழி தெரிந்த ஆளுக்கு அலுவலகத்தில் வேலை இருக்கிறது. ஆனால் பேசுவது, படிப்பது, எழுதுவது மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். “மலையாளம் தெரியும்” என்று பொதுவாகச் சொல்லி, ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டும் நிலை வந்தால், மற்றதையும் நம்பமாட்டார்கள்.

அவள் பேட்டியில் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். சான்றிதழில் இருந்தபடியே பெயரை நிதானமாகச் சொல்லிவிட்டுத் தொடங்கினாள்:

“இந்த ஆண்டு பி.காம். முடித்தேன். வளர்ந்தது மூணாறு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். தமிழும் மலையாளமும் பேசுவேன், படிப்பேன், எழுதுவேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன், பேச்சில் இன்னும் வேகம் வரவில்லை.

“கல்லூரி நாட்களில் நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற 11 தொழிலாளர்களுக்கு வைப்பு நிதி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். முதலில் அனுப்பிய நான்கும் திரும்பி வந்தன. பெயரும் பிறந்த தேதியும் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதன் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். ஆதார், வங்கிப் புத்தகம், வைப்பு நிதிக் கணக்கு மூன்றிலும் உள்ள பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். வித்தியாசம் இருந்தால் முதலில் திருத்தம், பிறகு விண்ணப்பம். அப்படி அனுப்பிய ஏழில் ஆறு பேருக்குப் பணம் வந்துவிட்டது. ஒன்று பிறந்த தேதிச் சிக்கலில் இன்னும் நிற்கிறது. திரும்பி வந்த நான்கையும் திருத்தி மறுபடி அனுப்பினோம்.

“இந்தத் தவறுகளை நான் தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் அது எங்கே தொடங்குகிறது என்று கற்றுக்கொள்ள விரும்பித்தான் சம்பளப் பிரிவுக்கு விண்ணப்பித்தேன். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எனக்குப் பழக்கமில்லை. கணினியில் அட்டவணை போடுவது ஓரளவு வரும்.”

இதில் உழைப்பாளி, நேர்மையானவள் என்ற சொல் எதுவும் இல்லை. திரும்பி வந்த நான்கைச் சொல்ல அவள் முதலில் மறுத்தாள். “தப்புப் பண்ணுனத நாமளே எப்படி மாமா சொல்றது?” என்றாள். அந்த நான்கு இருப்பதால்தான் பின்னால் வரும் நோட்டுக்குப் பொருள் கிடைக்கிறது என்று விளக்கினேன். பெற்றோரின் தொழிலை அவள் சொல்லவில்லை. ஆனால் மறைக்க வேண்டிய தேவையும் இப்போது இல்லை. கேட்டால், “அம்மா கொழுந்து எடுக்கிறார்” என்று நேராகச் சொல்ல முடியும்.

ஒத்திகையில் ஒரு குறை வந்தது. நாலைந்து தடவை சொன்னதும் அவளுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. நடுவில் நான், “நோட்டா? என்ன நோட்டு?” என்று குறுக்கிட்டேன். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மனப்பாடத்தை இப்படிக் குறுக்கிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சிறு அட்டையில் நான்கே சொற்களை எழுதிக் கொடுத்தேன்: படிப்பு, மொழி, நோட்டு, ஏன். அதை வைத்து ஒவ்வொரு தடவையும் புது வாக்கியமாகச் சொல்லச் சொன்னேன். மறுநாள் காலை என் மனைவி தோசை ஊற்றிக்கொண்டே மூன்று தடவை குறுக்கிட்டாள். பிள்ளை அசரவில்லை.

பேட்டியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அடுத்த இரண்டு கேள்விகளும் அந்த நோட்டைப் பற்றித்தான் வந்தன. மூன்றாவது நாங்கள் எதிர்பாராதது: “எழுதிக் கொடுக்கப் பணம் வாங்கினாயா?” “இல்லை, ஒரு பாட்டி மட்டும் கால் கிலோ தேயிலை கொடுத்தார்” என்றாளாம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் பிற்பகலில் கணினியில் வைத்த செய்முறைத் தேர்வில் நேரத்துக்கு முடிக்க முடியவில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. இரண்டு நிமிடப் பேச்சு நல்ல கேள்விகளைக் கொண்டுவரும். கைவேலைக்கு அது ஈடாகாது. அவள் ஒரு மாதம் கணினி வகுப்புக்குப் போனாள். பிறகு ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் அதே நான்கு சொல் அட்டையோடு போய்ப் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டாள்.

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இரண்டு நிமிடம் பேசும்போது கடிகாரத்தைப் பாருங்கள், இரண்டு இடத்தில் குறுக்கிடுங்கள். அதைவிட முக்கியமாக, அவன் செய்த எந்த வேலையை அவனே ‘ஒன்றும் இல்லை’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று யோசித்துச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் நோட்டைப் பற்றி எனக்குச் சொன்னவர் என் மைத்துனர்தான். அவர் அன்றைக்கு அங்கே இல்லாவிட்டால், அவளும் பொழுதுபோக்கு, கடின உழைப்பு, தட்ஸ் ஆல் என்று 40 விநாடியில் முடித்திருப்பாள்.

நிலுவையில் நின்ற அந்த ஒரு விண்ணப்பத்தை அவள் இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போகிறாளாம்.